ஃபோலிக் என்று நினைத்துக் கொடுத்த மாத்திரை

"என் அம்மாவுக்கு 61 வயது. ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்காக மூன்று வருடமாக மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 5 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, மற்ற ஆறு நாளும் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் ஒன்று. போன மாதம் வழக்கமாக வாங்கும் கடையில் இரண்டுக்கும் மெத்தோட்ரெக்சேட்டையே கொடுத்துவிட்டார்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் சாப்பிட்ட பிறகுதான் அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். டாக்டர் உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒரு வாரம் கழித்து மறுபடியும் எடுத்தார். இரண்டிலும் பயப்பட எதுவும் இல்லை. கடையில் கேட்டால், 'பேர் ஒரே மாதிரி இருக்கும்மா, மாறிப்போச்சு' என்கிறார்கள். பேர் ஒரே மாதிரி இருந்தால் மாறத்தான் செய்யுமா? கடைகளில் இதைச் சரிபார்க்க ஒரு முறையும் கிடையாதா? இனி வீட்டில் நாங்கள் எதைப் பார்த்து வாங்குவது?"
— ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டாம் நாளே அட்டையைத் திருப்பிப் பார்த்தீர்களே, அதுதான் அம்மாவைக் காப்பாற்றியது. எவ்வளவு பெரிய இடறலிலிருந்து தப்பினீர்கள் என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். அம்மாவுக்கு டாக்டர் எழுதியது வாரத்துக்கு 10 மில்லிகிராம். ஃபோலிக் ஆசிட் சாப்பிட வேண்டிய ஆறு நாளும் இந்த 5 மில்லிகிராம் மாத்திரையே உள்ளே போயிருந்தால், அந்த ஆறு நாளில் 30. ஞாயிற்றுக்கிழமை 10-ஐயும் சேர்த்தால் வாரத்துக்கு 40, அதாவது நான்கு மடங்கு. ஆனால் இந்த மருந்தில் அளவைவிட மோசமானது இடைவெளி இல்லாமல் போவது. மெத்தோட்ரெக்சேட் வேகமாகப் பெருகும் செல்களைத் தடுக்கிற மருந்து. எலும்பு மஜ்ஜை, வாயின் உள்தோல், குடலின் உட்சுவர் எல்லாம் அப்படிப்பட்ட செல்களால் ஆனவை. வாரத்தில் ஒரு நாள் கொடுத்தால் மீதி நாட்களில் அவை தேறிக்கொள்ளும். தினமும் கொடுத்தால் அந்த மூச்சு விடும் நேரம் கிடைக்காது. ஒரு வாரத்தில் ஒரே தடவையாகத் தாங்கிக்கொள்ளும் அளவைவிடக் குறைவான மருந்தைத் தினமும் பிரித்துச் சாப்பிட்டே உயிரிழந்தவர்கள் உண்டு.

டாக்டர் ஒரு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தது இதற்காகத்தான். மஜ்ஜை வேலையைக் குறைத்தாலும் ஏற்கனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அணுக்கள் சில நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் முதல் ரிப்போர்ட் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வருவதுதான் நம்பத் தகுந்தது. இனி எப்போதாவது அம்மாவுக்கு வாய்ப்புண், தொண்டை வலி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காரணமில்லாத ரத்தக்கட்டு, புதிதாக வறட்டு இருமல் என்று எது வந்தாலும் "சூட்டினால் வந்தது" என்று மோர் கொடுத்து உட்கார வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை மாறியது தெரிந்தால் அறிகுறிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில் தவறுகிறார்கள். "மெத்தோட்ரெக்சேட் கூடிவிட்டது, அப்போ ஃபோலிக் ஆசிட்டை நாலு மாத்திரை சேர்த்துப் போட்டால் சரியாகிவிடும்" என்று நினைப்பார்கள். ஆகாது. ஃபோலிக் அமிலத்தை உடம்பு பயன்படுத்த ஒரு நொதி வேண்டும். மெத்தோட்ரெக்சேட் அடைத்துவைப்பது அந்த நொதியைத்தான். அது எப்படி அடைக்கிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டின் மூலக்கூறு ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருக்கும். நொதி அதை ஃபோலிக் அமிலம் என்று எண்ணிப் பிடித்துக்கொண்டு ஏமாந்துபோகும். உங்கள் கடைக்காரருக்கு நேர்ந்த குழப்பம் உடம்புக்குள்ளேயும் நடக்கிறது, அதுதான் இந்த மருந்து வேலை செய்யும் விதமே. அளவு மீறினால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் முறிவு மருந்து ஃபோலினிக் அமிலம். அதற்கு அந்த நொதி தேவையில்லை. ஃபோலிக், ஃபோலினிக்: ஒரே ஒரு அசைதான் வித்தியாசம்! ஆஸ்பத்திரிகளில் அதை லூக்கோவோரின் என்ற பெயரிலும் எழுதுவார்கள், அதற்கும் லூக்கெரான் என்ற புற்றுநோய் மாத்திரையோடு குழப்பம் உண்டு. பெயர்க் குழப்பத்தைச் சரிசெய்யப் போகும் வழியிலேயே இன்னும் இரண்டு குழப்பம் காத்திருக்கிறது.

இப்போது கடைக்கு வருவோம். நான் சில்லறை மருந்துக் கடைகளிலும் ஆஸ்பத்திரி ஃபார்மசியிலுமாக இருபது வருடத்துக்கு மேல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன். கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்தால் அடுத்த மாதமும் இதே நடக்கும். என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். கடையில் சீட்டை வாங்கியதும் முதல் வேலை, பில் போடும் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டுவது. மாலை ஏழு மணிக்குக் கூட்டம் நிற்கும்போது யாரும் முழுப் பெயரையும் தட்ட மாட்டார்கள். மூன்று எழுத்துப் போதும், பட்டியல் விழுந்துவிடும். FOL என்று தட்டினால் திரையில் இப்படி வரும்:

```
FOLIC ACID 5MG TAB
FOLITRAX 5 TAB
FOLITRAX 7.5 TAB
FOLITRAX 10 TAB
FOLVITE 5MG TAB
```

ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்சேட்டின் ஒரு பிராண்ட். ஃபோல்வைட் என்பது ஃபோலிக் ஆசிட். அம்மாவின் சீட்டில் எந்த பிராண்ட் எழுதியிருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்க் கடைகளில் இந்த இரண்டு மருந்தும் மாறுவதற்குப் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் வாசல். முதல் மூன்று எழுத்து ஒன்று, பக்கத்தில் நிற்கும் எண்ணும் 5, வரிகள் ஒன்றன்கீழ் ஒன்று. அம்புக்குறியை ஒரு தடவை கூடுதலாக அழுத்தினால் போதும். இதில் மோசம் என்னவென்றால், பில்லில் தவறு விழுந்த பிறகு மாத்திரை எடுக்கும் பையன் சீட்டைப் பார்க்க மாட்டான், பில்லைப் பார்ப்பான். பில்லில் இருப்பதை ரேக்கிலிருந்து மிகச் சரியாக எடுத்துக் கொடுப்பான். சரிபார்க்கிறவர் பில்லோடு மாத்திரையைச் சரிபார்த்தால் எல்லாம் பொருந்தும். தவறு மேலேயே நடந்துவிட்டது, கீழே எல்லோரும் அதை ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறார்கள்.

ரேக்கும் துணை செய்திருக்கும். பெரும்பாலான கடைகளில் அகர வரிசையில்தான் அடுக்குவார்கள். அதனால் குழப்பக்கூடிய பெயர்களே ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். நிறமும் கைகொடுக்காது. இந்த இரண்டு மருந்துமே இயல்பிலேயே மஞ்சள் நிறத் தூள். "எங்கம்மாவுக்கு அந்த மஞ்ச மாத்திரை" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் எப்போதும் பயந்துகொண்டே பேசுவேன்.

எல்லாப் பெயர்க் குழப்பமும் இவ்வளவு ஆழமான குழி இல்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் தன் மனைவிக்கு மாத்திரை வாங்க ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். டாக்டர் எழுதிய சீட்டு தொலைந்துவிட்டதாம், பழைய அட்டையைப் பார்த்து மகள் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள்: "கார்பமசோல் 10". நான் படித்தபோது என் தலைக்குள் ஓடியது கார்பமசெபின், வலிப்பு மாத்திரை. அன்று காலையில்தான் இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தேன். கை தானாகவே அந்தப் பெட்டிக்குப் போய்விட்டது. எடுத்த பிறகுதான் எண் இடித்தது. கார்பமசெபின் 100, 200, 400 என்று வரும், 10 கிடையாது. 5, 10, 20 என்று வருவது கார்பிமசோல், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கான மருந்து. "வீட்டம்மாவுக்கு என்ன பிரச்சனை?" என்று கேட்டேன். கழுத்தைத் தொட்டுக் காட்டினார். டாக்டரிடம் போன் போட்டு உறுதிசெய்த பிறகே கொடுத்தேன். அன்றிலிருந்து தமிழில் எழுதிய துண்டுச் சீட்டைக் கண்டால் எனக்கு இரட்டிப்பு எச்சரிக்கை. நம் எழுத்தில் க-வும் ப-வும் ட-வும் இரண்டு மூன்று ஒலிக்கு வேலை செய்கின்றன, தமிழ் படிக்க அது போதும், மருந்துப் பெயருக்குப் போதாது.

அந்தச் சம்பவத்தில் பெயர் ஏமாற்றியது, எண் காப்பாற்றியது. உங்கள் அம்மா விஷயத்தில் எண்ணும் ஏமாற்றுகிறது, 5-க்கு 5. அதனால்தான் பெயரையும் எண்ணையும் விட்டு வேறொரு பக்கத்திலிருந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது. கடைகளில் இருக்கும் முறைகள் எல்லாவற்றையும் நான் இந்த ஒரே கேள்வியால்தான் எடைபோடுவேன்: இது அதே பெயரை மறுபடியும் படிக்கச் சொல்கிறதா, இல்லை வேறு எதையாவது கேட்கிறதா?

மறுபடியும் படிக்கச் சொல்லும் முறைகளில் பழையது, மூன்று தடவை படிப்பது. ரேக்கிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, எண்ணி வெட்டும்போது ஒரு தடவை, கையில் கொடுக்கும்போது ஒரு தடவை. நல்ல பழக்கம்தான். ஆனால் முதல் தடவை தவறாகப் படித்த கண் மற்ற இரண்டு தடவையும் அதையே படிக்கும். எதிர்பார்த்ததைத்தான் கண் பார்க்கும். அதனால் மூன்றாவது தடவையாவது இன்னொருவர் படிக்க வேண்டும், அவர் பில்லை அல்ல, டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஒரே ஆள் நிற்கும் தெருமுனைக் கடையில் இது நடக்காத காரியம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது. 2001-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., குழப்பும் பெயர் ஜோடிகளில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும்படி மருந்துக் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. vinBLAStine, vinCRIStine என்றும் hydrOXYzine, hydrALAZINE என்றும் எழுதுவார்கள். இரண்டாவது ஜோடியில் ஒன்று அரிப்புக்கு, இன்னொன்று ரத்த அழுத்தத்துக்கு. இரண்டும் 25 மில்லிகிராமில் வரும், எனவே அங்கேயும் எண் உதவாது. இந்த முறை திரையிலும் ரேக் லேபிளிலும் கண்ணைக் கொஞ்சம் நிறுத்தும். ஆனால் எவ்வளவு பிழை குறைகிறது என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. காதால் கேட்கும் குழப்பத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. கடையில் பாதிப் பெயர்களுக்கு இப்படிச் செய்துவிட்டால் எதுவும் தனித்துத் தெரியாமல் போய்விடும். நான் வேலை பார்த்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு ஜோடிகளுக்கு மேல் செய்யவில்லை.

திரையில் தேடும் விதத்தை மாற்றுவது இதைவிட வலுவானது. இதற்குப் பின்னால் ஒரு சோகமான கதை இருக்கிறது. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில், ஸ்கேனுக்கு முன் பதற்றம் தணிய 75 வயதுப் பெண்ணுக்கு வெர்செட் என்ற ஊசி எழுதியிருந்தார்கள். மருந்து வழங்கும் இயந்திரத்தில் நர்ஸ் VE என்று தட்டினார். அந்த மருந்தின் பொதுப்பெயர் மிடாசோலாம். இயந்திரம் பொதுப்பெயரில்தான் தேடிக்கொண்டிருந்தது, எனவே வெர்செட் வரவில்லை. கட்டுப்பாட்டை மீறி எடுக்கும் வழியில் போய் மறுபடியும் VE தட்டியபோது வந்தது வெக்குரோனியம், தசைகளைச் செயலிழக்க வைத்து மூச்சை நிறுத்தும் மருந்து. வெர்செட் திரவமாக இருக்கும். வெக்குரோனியம் தூள், கரைத்துத்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். அந்த வித்தியாசமும் அவரை நிறுத்தவில்லை. நோயாளி இறந்துபோனார், 2022-இல் நீதிமன்றம் அந்த நர்ஸைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. மருந்துப் பிழைகளைத் தொகுத்து எச்சரிக்கும் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமைப்பு, இப்படிப்பட்ட இயந்திரங்களில் தேடக் குறைந்தது ஐந்து எழுத்தாவது தட்ட வேண்டும் என்று சொல்கிறது.

ஐந்து எழுத்து ஏன் என்பதற்கு மேலே இருக்கும் பட்டியலையே பாருங்கள். மூன்று எழுத்தில் ஐந்து வரியும் வருகிறது. FOLI என்று நான்கு எழுத்துத் தட்டினால் ஃபோல்வைட் மட்டும் போகும், ஆபத்தான ஜோடி அப்படியே நிற்கும். ஐந்தாவது எழுத்தில்தான் FOLIC தனியாகவும் FOLIT தனியாகவும் பிரிகிறது. நம் ஊர் பில்லிங் மென்பொருளில் இந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் ஒரு கடைக்காரர் தானாகவே செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்சேட் பிராண்டின் பெயருக்கு முன்னால் "WEEKLY" என்று சேர்த்து, பட்டியலில் வேறு இடத்துக்கு நகர்த்திவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ரேக்கிலும் எடுத்துவிட்டோம். எல்லா பிராண்ட் மெத்தோட்ரெக்சேட்டும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு மூடிய டப்பாவில், மேலே சிவப்பு மையில் "வாரம் ஒரு நாள்" என்று எழுதி ஒட்டியிருக்கும். அதை எடுக்க எழுந்து போக வேண்டும். அந்த நாலு அடி நடைதான் யோசிக்கக் கிடைக்கும் நேரம்.

ஸ்கேன் செய்து சரிபார்ப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். 2023 ஆகஸ்ட் முதல் இந்தியாவில் 300 பிராண்டுகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அதை ஸ்கேன் செய்தால் பொதுப்பெயர், கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் வரும். ஆனால் அது அட்டையில் இல்லாமல் வெளிப்பெட்டியில் மட்டுமே இருக்கலாம். நாம் பெட்டியாகவா வாங்குகிறோம்? "எட்டு மாத்திரை வெட்டிக் கொடுங்க" என்கிறோம். வெட்டும்போது பெயர் ஒரு துண்டிலும் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். கோடு கடையின் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

வேறு எதையாவது கேட்கும் முறைகள் இரண்டே இரண்டு. செலவில்லாதவை, ஆனால் நான் பார்த்தவற்றில் இவைதான் அதிகத் தவறுகளைப் பிடித்திருக்கின்றன.

ஒன்று, எண்ணிக்கை. அம்மாவின் நாலு வாரக் கணக்கு இப்படி இருக்க வேண்டும்: மெத்தோட்ரெக்சேட் எட்டு, ஃபோலிக் ஆசிட் இருபத்து நான்கு. அந்த பில்லில் மெத்தோட்ரெக்சேட் முப்பத்திரண்டு என்றோ, எட்டும் இருபத்து நான்குமாக இரண்டு வரியிலோ விழுந்திருக்கும். வாரம் ஒரு நாள் சாப்பிடும் இந்த 5 மில்லிகிராம் மாத்திரை நாலு வாரத்துக்கு இருபதைத் தாண்டினால் பெயரைப் படிக்காமலே நிறுத்திவிடலாம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டிருக்கிறார்கள். வாய்வழி மெத்தோட்ரெக்சேட் என்று தட்டினால் "வாரம் ஒரு முறை" என்றே தானாக விழும். தினசரி என்று மாற்றினால் என்ன நோய்க்கு என்று சொல்லாமல் மேலே போக விடாது.

இரண்டு, கவுண்டரில் கேட்கும் கேள்வி. அதிலும் எப்படிக் கேட்பது என்று இருக்கிறது. "இது உங்க சத்து மாத்திரைதானே?" என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேர் "ஆமா" என்பார்கள். "இது எதுக்குச் சாப்பிடுறீங்க? எந்தெந்தக் கிழமை?" என்று கேட்டால் அவர்கள் வாயிலிருந்து பதில் வரும், அது கையில் இருக்கும் அட்டையோடு இடித்தால் அங்கேயே தெரிந்துவிடும். உங்களிடம் அன்று இதைக் கேட்டிருந்தால் "ஞாயிறு மட்டும் இது, மத்த நாள் அது" என்று சொல்லியிருப்பீர்கள், கடைக்காரர் கையில் இரண்டும் ஒரே அட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பார். கூட்டத்தில் இப்படிக் கேட்டால் "என்ன விசாரணை?" என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்.

இப்படிப்பட்ட பெயர்களை ஏன் அனுமதிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். அமெரிக்காவில் லோசெக் என்ற வயிற்று மருந்தின் பெயர் லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரையோடு குழம்பியதால் 1990-இல் அதைப் ப்ரிலோசெக் என்று மாற்றினார்கள். பிறகு அது ப்ரோசாக் என்ற மனச்சோர்வு மருந்தோடு குழம்பியது தனிக் கதை. இங்கே 2001-இல் ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரண்டு மலேரியா மருந்துகளின் வழக்கில், மருந்துப் பெயர்களின் ஒற்றுமையை மற்றப் பொருள்களைவிடக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அளவுகோல் வகுத்தது. 2019-இலிருந்து புதுப் பெயர் வைக்கும் கம்பெனி, இதைப்போல வேறு பெயர் சந்தையில் இல்லை என்று தேடிப் பார்த்து உறுதிமொழி தர வேண்டும். ஆனால் ஏற்கனவே ரேக்கில் நிற்கும் பெயர்கள் நிற்கத்தான் செய்கின்றன.

சரி, வீட்டுக்கு வருவோம். பிராண்ட் பெயரை மறந்துவிடுங்கள், அது அடுத்த மாதம் வேறாக இருக்கலாம். அட்டையின் பின்பக்கம் பொதுப்பெயர் இருக்கும். ஒன்றில் Methotrexate Tablets, இன்னொன்றில் Folic Acid Tablets. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராவிட்டாலும் M-இல் தொடங்குவது ஞாயிறு, F-இல் தொடங்குவது மற்ற நாள் என்று காட்டிக் கொடுத்தால் போதும், பொதுப்பெயரைப் பார்க்கிற வரைக்கும் இது தவறாது. பிராண்ட் பெயரில் இந்த வித்தை பலிக்காது, ஏனென்றால் ஃபோலிட்ராக்ஸும் F-இல்தான் தொடங்குகிறது. அதனால் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று அட்டையில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.

கடையில் முடிந்தவரை அட்டையை வெட்டச் சொல்லாதீர்கள், வெட்டினால் பெயர் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். மெத்தோட்ரெக்சேட்டை நாலு வாரத்துக்கு மேல் வீட்டில் சேர்த்து வைக்க வேண்டாம். வீட்டில் எட்டு மாத்திரைதான் இருக்கிறது என்றால் எந்தத் தவறும் எட்டோடு நிற்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். டாக்டரிடம் சீட்டில் "வாரம் ஒரு முறை" என்று எழுதுவதோடு கிழமையையும் முழுதாக எழுதச் சொல்லுங்கள். ஞாயிறு நல்ல தேர்வு. வியாழனும் வெள்ளியும் அவசர எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இலேயே மருத்துவர்களுக்கான விதி வந்துவிட்டது. எனவே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கடையை மாற்ற வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் முதலில் போய் ஒரு கேள்வி கேட்பேன்: "அன்னைக்கு எப்படி மாறிச்சுன்னு பார்த்தீங்களா?" பதிவுபெற்ற ஃபார்மசிஸ்டைக் கூப்பிட்டு அவரிடம் கேளுங்கள், அவர் மேற்பார்வையில்தான் இந்த மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். "இனிமே ஜாக்கிரதையா இருக்கோம்" என்று மட்டும் சொன்னால் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். ரேக்கிலோ திரையிலோ இதை மாற்றினோம் என்று காட்டினால் அந்தக் கடையிலேயே வாங்குங்கள், ஒருமுறை சுட்டுக்கொண்ட கடை அந்த ஜோடியில் மறுபடியும் தவறுவது அபூர்வம். ஃபார்மசிஸ்டே இல்லை என்று தெரிந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதிப் போடலாம்.

தவறாக வந்த மாத்திரைகள் இன்னும் வீட்டில் இருந்தால் குப்பையில் போடாதீர்கள், பிறகு உதவும் என்று அலமாரியிலும் வைக்காதீர்கள். பில்லோடு கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம், வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்கள் அதைக் கையால் தொடவே வேண்டாம். கொடுப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள். அம்மா திங்கள், செவ்வாய் சாப்பிட்டது இரண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் போனவை தனி. இவற்றைக் கழித்தும் எண் குறைந்தால், அம்மா சொல்லாமல் விட்ட நாள் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரிடம் போவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடுங்கள்.